சவர்க்காரம் வேறு, சலவைத்தூள் வேறு

என் மச்சாள் ஆரையம்பதியில் ஒரு கலியாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையை, வந்த கையோடு தூள் கரைத்த வாளியில் போட்டு விடியும்வரை ஊறவைத்துவிட்டாள். காலையில் எடுத்தபோது மினுக்கம் போய், தடவினால் சொரசொரவென்று இருந்தது. கரைச் சிவப்பு உடலுக்கும் இறங்கியிருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், சேலையில் தைத்திருந்த சிறு துண்டைக் காட்டினாள். அதில் “மென்மையான சவர்க்காரத்தில் கையால் அலசவும்” என்றிருந்தது. தூள் பைக்கற்றைத் திருப்பிக் காட்டினாள், அதில் “சவர்க்காரத் தூள்” என்றிருந்தது. “ரெண்டிலயும் சவர்க்காரம் எண்டுதானே கிடக்கு?” என்கிறாள். அவள் வாசித்ததில் பிழையே இல்லை. எழுதியவன் செய்த பிழை.

இந்தச் “சவர்க்காரத் தூள்”, அதன் தம்பி “திரவச் சவர்க்காரம்” இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. டிடர்ஜென்ட் என்று எங்கே கண்டாலும் மொழிபெயர்ப்பவர்கள் சவர்க்காரம் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாங்கள் பேச்சில் சவுக்காரம் என்போம், எழுதும்போது சவர்க்காரம். பின்பாதியில் உள்ள காரம் வடமொழி க்ஷாரம்தான், பள்ளியில் அமிலத்துக்கு எதிரே படித்த அதே காரம். முன்பாதியை, மண்ணிலிருந்து எடுக்கும் சோடா உப்பைக் குறித்த ஸ்வர்ஜிகா என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஆங்கிலத்திலிருந்து சோப்பு என்று எடுத்துக்கொண்டார்கள், பக்கத்தில் சிங்களத்தில் போர்த்துக்கேயத்திலிருந்து வந்த சபன். நாங்கள் பழைய சொல்லை விடவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. டிடர்ஜென்ட் என்பது லத்தீனில் துடைத்து அகற்றுவது என்ற வினையிலிருந்து வந்தது. அழுக்கை அகற்றும் எதுவும் அதில் அடங்கும், சவர்க்காரமும்தான். ஆனால் கடையிலும் பைக்கற்றிலும் அந்தச் சொல் சவர்க்காரம் அல்லாத செயற்கைப் பொருளைத்தான் குறிக்கிறது. சிக்கல் இங்கேதான்.

சவர்க்காரம் என்றால் எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு வினைப்படுத்தி எடுத்தது. தேங்காயெண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சவர்க்காரம். தூளில் அழுக்கைப் பிடிக்கும் வேலையைச் செய்வது பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்து வரும் ஒரு சல்பொனேற்று. சவர்க்காரத்தின் மூலக்கூறுக்கும் இதன் மூலக்கூறுக்கும் வால் ஒரே மாதிரி எண்ணெயைத் தேடும், தண்ணீரைத் தேடும் தலைதான் வேறு. அந்தத் தலை வேறானது எங்கள் கிணற்றடியில் தெரியும். சில கிணறுகளில் தண்ணீர் கடினம், கல்சியமும் மகனீசியமும் கரைந்திருக்கும். சவர்க்காரம் அவற்றோடு சேர்ந்து கரையாத பசையாகித் துணியில் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைச் சட்டை நாலைந்து தோய்ப்புக்குப் பிறகு சாம்பல் நிறமாவது அதனால்தான். அழுக்குப் போகவில்லை என்று இன்னும் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்போம், இன்னும் கொஞ்சம் பசை ஏறும். சல்பொனேற்று அவ்வளவு எளிதில் இப்படிக் கட்டிப்படாது. ஒன்றின் பெயரை மற்றதுக்கு வைத்தால், சட்டை ஏன் நரைத்தது என்பதைப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

“தூளில் சோடியம் காபனேற்று, அதாவது அந்தச் சோடா உப்பு இருக்கிறதே, சொல்லின் வேரைப் பார்த்தால் கட்டியைவிடத் தூள்தானே உண்மையான சவர்க்காரம்?” என்று ஒரு நண்பர் மடக்கினார். கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் சொல்லுக்கு இன்றைய பொருளை அதன் பாட்டன் தீர்மானிப்பதில்லை. எங்கள் வீட்டில் சவுக்காரம் கொண்டுவா என்றால் கட்டிதான் வரும், யாரும் சோடாவைக் கொண்டுவர மாட்டார்கள். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சவர்க்காரத் தூள் என்ற பெயர் பொருந்திய காலம் ஒன்று இருந்தது. ஜெர்மனியில் 1907இல் பெர்சில் என்ற தூள் வந்தபோது அது உண்மையாகவே சவர்க்காரத்தைத் தூளாக்கி, வெளுக்கும் உப்பும் சிலிக்கேற்றும் சேர்த்ததுதான். முதலாம் உலகப்போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனியில் செயற்கைப் பொருளைத் தேடத் தொடங்கினார்கள். 1946இல் அமெரிக்காவில் டைட் என்ற செயற்கைத் தூள் வந்த பிறகு வீட்டுத்தூளின் உள்ளடக்கமே மாறிப்போனது. பொருள் மாறியும் பெயர் அப்படியே நிற்கிறது.

தனித்தமிழ்க்காரர் ஒருவர் “வழலைத்தூள்” என்று எழுதச் சொன்னார். வழலை நல்ல சொல்லாக இருக்கலாம், ஆனால் கல்முனைக் கடைத்தெருவில் வழலை கேட்டுப் பாருங்கள், வாழையிலை கட்டித் தருவார்கள். அதைவிடப் பெரிய குறை, வழலையும் சோப்புக்கு வைத்த பெயர்தான். வடசொல்லைத் தள்ளிவிட்டு அதே பிழையைத் தூய தமிழில் செய்வதால் என்ன ஆகப்போகிறது? “அழுக்கு நீக்கி” என்பார்கள் சிலர். அதைக் கறை நீக்கியோடு குழப்பி வெளுக்கும் மருந்தைத் துணியில் ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அழுக்ககற்றி என்பது வகுப்பறைக்குச் சரி, சவர்க்காரமும் செயற்கைப் பொருளும் இரண்டும் அதற்குள் வரும். பைக்கற்றில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. சலவைத்தூள், சலவைத் திரவம், சலவைக்கட்டி. சவர்க்காரம் என்ற சொல்லை உண்மையான சவர்க்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

இந்த மூன்று பெயர்களும் வெறும் வடிவத்தின் பெயர்கள் என்று நினைக்க வேண்டாம், வடிவம் மாறும்போது உள்ளே இருப்பதும் மாறுகிறது. தூளில் சல்பொனேற்றோடு சோடியம் காபனேற்றும், நிரப்பியாக உப்புகளும், பல தூள்களில் நொதியங்களும் இருக்கும். ஈரக்கையில் ஒரு பிடி தூளை அள்ளிப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். நீரற்ற காபனேற்று தண்ணீரை வாங்கும்போது விடும் சூடு அது. அந்தக் காரம் பருத்திக்கு நல்லது, சேறு பட்ட சாறத்துக்கும் பள்ளிச் சட்டைக்கும் தூளைப்போல் வேறில்லை. கைக்குத்தான் கேடு. தோலில் உள்ள எண்ணெயை உரித்து, விரலிடுக்கில் வெடிப்பு வரவைக்கும். கையால் தோய்ப்பவர்கள் தூளை முதலில் வாளியில் முழுதாகக் கரைத்துவிட்டு, துணியை அரை மணித்தியாலம் ஊறப்போட்டு, அப்புறம் கைவைப்பது நல்லது. தூளை நேரே துணியில் தூவித் தேய்த்தால் கரையாத மணி கையையும் அரிக்கும், நிறத்துணியில் பொட்டுப்பொட்டாக வெளிறவும் வைக்கும்.

திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர், காபனேற்று பொதுவாக இல்லை, அதனால் காரம் குறைவு. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரில் உடனே கரையும், துணியில் வெள்ளைப் படிவு விடாது. மருதமுனைக் கைத்தறிச் சேலை போன்ற நிறத்துணிக்கு நான் திரவத்தைத்தான் எடுப்பேன். சேற்றுக்கு அது தூள் அளவு வேகமில்லை. ஆனால் திரவம் என்றாலே மென்மை என்றும் நம்பக் கூடாது, சில திரவங்களிலும் நொதியம் உண்டு. புரதத்தைத் தின்னும் நொதியம் இரத்தக்கறைக்கு நல்லது, பட்டுக்கு எமன், ஏனென்றால் பட்டே புரதம். மச்சாளின் சேலைக்கு நடந்தது இதுதான். காரம் இழையைச் சொரசொரப்பாக்கியது, நொதியம் இரவு முழுக்க வேலை செய்தது, நிறமும் ஓடியது. ஐந்து நிமிடமென்றால் தப்பியிருக்கும், பத்து மணித்தியாலம் தப்பவிடாது.

கட்டிதான் பெரிய ஏமாற்றுக்காரன். ஒரே நீள்சதுரம், ஒரே நிறம், ஒன்று சவர்க்காரம், மற்றது செயற்கைக் கட்டி, இரண்டும் கலந்ததும் உண்டு. செயற்கைக் கட்டியில் வெள்ளைக் களியும் சுண்ணக்கல் மாவும் நிரப்பியாக இருக்கும். கொலரில் தேய்க்க வசதி, மெல்லிய துணியில் தேய்த்தால் அதே மாவு இழையை அராவும். இன்ன கட்டி என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு. கட்டியில் ஒரு தேக்கரண்டி சுரண்டி, அரைக்கோப்பை சுடுதண்ணீரில், மழைத்தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாகக் கரைத்து ஆறவிடுங்கள். ஒரு தேசிக்காயைப் பிழிந்து ஊற்றுங்கள். குமிழி விட்டுப் பொங்கினால் உள்ளே காபனேற்றோ சுண்ணக்கல்லோ இருக்கிறது. பொங்கல் அடங்கும்வரை இன்னும் கொஞ்சம் பிழியுங்கள். பிறகு வெள்ளையாகத் திரிந்து, தயிர்போல மேலே மிதந்தால் அது சவர்க்காரம், அமிலம் பட்டுக் கொழுப்பமிலம் பிரிந்துவிட்டது. மேலே எதுவும் திரியாமல், நுரையும் நிற்க, அடியில் மட்டும் வெள்ளை படிந்தால் அது செயற்கைக் கட்டி, படிந்தது களி. மேலேயும் திரிந்து அடியிலும் படிந்தால் இரண்டும் கலந்ததாக இருக்கலாம், களி சேர்த்த சவர்க்காரமாகவும் இருக்கலாம். என் சோதனையில், சவர்க்காரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு கட்டியில் மேலே ஒரு துளியும் திரியவில்லை. பெயரை எழுதியவர் தேசிக்காய் வாங்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த பொருட்பட்டியலை ஒருதரம் வாசித்திருந்தாலே போதும்.

அதுதான் என் கோபம். மொழிபெயர்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, பொருளைப் பார்ப்பதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மூன்று மொழியிலும் எழுத வேண்டும் என்ற கட்டாயத்துக்காகத் தமிழ் கடைசி வரியில் ஒட்டப்படுகிறது, அதை ஒருத்தி நம்பி வாசிப்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சேலைத் துண்டில் நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: “நொதியம் இல்லாத சலவைத் திரவம் சில துளிகள் விட்ட குளிர்நீரில் ஐந்து நிமிடத்துக்குள் அலசவும். சலவைத்தூள் பாவிக்க வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தவும்.” துண்டு கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். “இத முதலே எழுதிப்போட்டிருக்கக் கூடாதா அவங்க?” என்று கேட்டுவிட்டு, சேலையில் நல்லாயிருந்த முந்தானையை மட்டும் வெட்டி மகளுக்குச் சட்டை தைக்கப் போட்டுவிட்டாள்.