பைக்கு முற்பணம் போடமுதல் சப்ளையரிடம் கேட்க வேண்டியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டோடு சேர்ந்த சிறிய கூடங்களில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, முருங்கையிலைத் தூள் செய்து விற்பவர்களுக்குக் கணக்கு வழக்கிலும் கொள்வனவிலும் உதவுவது என் வேலை. இவர்களுடைய காசு செத்தல் மிளகாயிலோ மல்லியிலோ முடங்கி நான் அதிகம் கண்டதில்லை. அச்சடித்து வாங்கிய பைகளில் முடங்கித்தான் கண்டிருக்கிறேன். பழைய விலையோ மாறிப்போன தொலைபேசி இலக்கமோ அடித்த பைகள் பெட்டி பெட்டியாக மூலையில் கிடக்கும். விசாரித்தால் அநேகமாக ஒரே கதைதான்: வாட்சப்பில் ஒரு படம் வந்தது, விலை மலிவாகப் பட்டது, முற்பணம் போட்டாயிற்று.

கொழும்பில் இருப்பவர் புறக்கோட்டைக்குப் போய்ப் பையைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம், பிழை என்றால் அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுக்கலாம். விசுவமடுவிலோ முல்லியவளையிலோ இருப்பவருக்கு ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்புவதே தனிச் செலவு. ஆகவே கேட்க வேண்டியதை எல்லாம் காசு கைவிட்டுப் போகமுதல் கேட்டாக வேண்டும்.

முதலில் பொருட் பட்டியல். கட்டலொக் என்று கேட்டால் பலர் படங்களை மட்டும் அனுப்புவார்கள். பையின் படம் எதையும் சொல்லாது. அகலம், உயரம், அடிமடிப்பு ஆகியவற்றின் அளவு, எத்தனை படை, என்ன படை, மொத்தத் தடிப்பு எத்தனை மைக்ரோன், எப்போதும் கையிருப்பில் இருக்கும் சாமானா அல்லது ஓடர் எடுத்த பிறகு செய்வதா, உணவுக்கு ஏற்றது என்பதற்குக் கடிதம் உண்டா என்பவை எழுத்தில் வர வேண்டும். ‘250 கிராம் பை’ என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள். அது யாரோ ஒருவருடைய பொருளை வைத்துச் சொன்ன கணக்கு. 250 கிராம் அரிசி மா கச்சிதமாக அடங்கும் பையில் 250 கிராம் முருங்கையிலைத் தூள் வாய்வரை வந்து நிற்கும், சீல் பிடிக்க இடம் இராது. உங்கள் பொருளை நிறுத்து, ஏதாவது ஒரு பையில் போட்டு, எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்துவிட்டு, அந்த அளவோடு பட்டியலைப் பாருங்கள்.

படையைப் பற்றியும் கேளுங்கள். வறுத்து அரைத்த மிளகாய்த்தூளில் எண்ணெய்த் தன்மையும் வாசமும் அதிகம். தனிப் பொலித்தீன் பையில் வாசம் மெல்ல வெளியேறும், வெளிச்சம் பட்டு நிறமும் மங்கும். உள்ளே அலுமினியம் படிந்த படையோ அலுமினியத் தகடோ உள்ள பை இவை இரண்டையும் நன்றாகத் தடுக்கும், விலையும் கூடும். சப்ளையர் ‘நல்ல தடிப்பான பை’ என்று மட்டும் சொன்னால், படை என்ன என்று திருப்பிக் கேளுங்கள். தடிப்பு வேறு, தடுக்கும் தன்மை வேறு.

அடுத்தது குறைந்தபட்ச ஓடர் அளவு. கூடுதலாகக் காசு மாட்டுப்படுவது இங்கேதான். மாதம் 600 பக்கெற் மிளகாய்த்தூள் விற்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். விலைகளைக் கணக்கு விளங்குவதற்காக மட்டும் வைக்கிறேன். அச்சடித்த பை ஒன்று 18 ரூபாய், குறைந்தது 10,000 எடுக்க வேண்டும். அச்சில்லாத வெறும் பை ஒன்று 26 ரூபாய், குறைந்தது 500. அதற்கு ஒட்டும் ஸ்ரிக்கர் 7 ரூபாய். பார்த்தவுடன் 18 எங்கே, 33 எங்கே என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த வகைப் பைகளைப் பெரிய அளவில் அச்சடிக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உலோக சிலிண்டர் செதுக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு பெரிதாக இருப்பதற்கும் அதுவே காரணம். நாலு நிறத்துக்குச் சிலிண்டர் செலவு 1,20,000 ரூபாய் என்றால் ஒரு பைக்கு 12 ரூபாய் ஏறி, 18 என்றது 30 ஆகிவிடும். மிச்சம் வெறும் 3 ரூபாய். அந்த 3 ரூபாய்க்காக அக்கா 3,00,000 ரூபாயை ஒரே தடவையில் கொடுத்து, பதினாறு மாதத்துக்கும் மேலாகப் பைகளை வைத்திருக்க வேண்டும். இடையில் விலை மாறினால், முகவரி மாறினால், சுட்டுத்துண்டில் போட வேண்டிய விபரம் மாறினால் மிஞ்சிய பைகள் வீண். வெறும் பையும் ஸ்ரிக்கரும் என்றால் 500க்கு 16,500 ரூபாயோடு தொடங்கலாம். விற்பனை மாதம் சில ஆயிரம் பக்கெற்றைத் தொடும்வரை இதுவே சரியான வழி என்பது என் திடமான கருத்து.

குறைந்தபட்ச அளவைக் கேட்கும்போது, அது எதற்கான அளவு என்பதையும் கேளுங்கள். மொத்த ஓடருக்கா, ஒவ்வொரு அளவுக்குமா, ஒவ்வொரு வடிவமைப்புக்குமா? மிளகாய்த்தூளுக்கும் மஞ்சள்தூளுக்கும் வேறு வேறு அச்சு என்றால் 10,000 என்பது 20,000 ஆகலாம். சிலர் எண்ணிக்கையில் சொல்லாமல் கிலோவில் சொல்வார்கள். கிலோவுக்கு எத்தனை பை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அச்சு ஓடரில் பத்து வீதம் கூடவோ குறையவோ வரலாம் என்ற நிபந்தனை இந்தத் தொழிலில் வழக்கம். கூட வந்ததற்கும் காசு கேட்பார்கள். விலையில் 18 வீத வற் வரி அடக்கமா என்பதையும் விடக்கூடாது. வற் பதிவு இல்லாத சிறு உற்பத்தியாளருக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது சாம்பிள். சாம்பிள் இலவசமா, கொரியர் செலவு யாருடையது, காசுக்கு என்றால் ஓடரில் கழிப்பார்களா என்று கேளுங்கள். வெறும் பை என்றால் பத்து வாங்குங்கள். ஒன்று வந்தால் அதைத் தடவிப் பார்ப்பதோடு சரி, சோதிக்க முடியாது. உங்கள் தூளை நிரப்பி, உங்கள் சீலிங் மெசினிலேயே சீல் வையுங்கள். கடையில் அழகாக ஒட்டும் பை உங்கள் மெசினின் சூட்டில் ஒட்டாமலோ சுருங்கியோ போகலாம். சீல் வைத்ததைத் தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி வரக்கூடாது. சிப் உள்ள பை என்றால் தூள் அதில் படிந்த பிறகும் மூடுகிறதா பாருங்கள். இரண்டு பையைத் தகரக் கூரைக்குக் கீழே, வெக்கையில் மூன்று நாலு கிழமை விட்டுவைத்து, வாசம் வெளியே வருகிறதா, ஸ்ரிக்கரின் மூலை கிளம்புகிறதா, தூள் கட்டிபடுகிறதா என்று பாருங்கள். நம்முடைய கடைகளிலும் பை அந்த வெக்கையில்தான் கிடக்கப்போகிறது.

கையிருப்புப் பையின் சாம்பிள் பையின் தரத்தைக் காட்டும். உங்கள் அச்சு எப்படி வரும் என்பதைக் காட்டாது. அச்சு ஓடர் என்றால் நிறத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்துச் சம்மதிக்காமல், அச்சடித்த மாதிரியைக் கேளுங்கள்.

கேட்பதற்கு நீண்ட கடிதம் தேவையில்லை. இப்படி ஒரு செய்தி போதும்:

“வணக்கம் அண்ணா. முல்லியவளையில் மிளகாய்த்தூள் செய்கிறோம். 250 கிராம் தூளுக்கு நிற்கும் பை தேவை, மாதம் 600 அளவில். அளவு, படை, மைக்ரோன், விலை உள்ள பட்டியல் அனுப்புங்கள். குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், அது ஒவ்வொரு அளவுக்குமா? சிலிண்டர் செலவு, வற், பார்சல் செலவு தனியா? வெறும் பையில் பத்து சாம்பிள் வேண்டும், கொரியர் காசு நாங்கள் தருகிறோம்.”

உங்கள் மாதத் தேவையை உண்மையாகச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் உங்களுக்குப் பொருந்தாத விலைதான் வரும். பதில் தராமல் முற்பணத்தை மட்டும் அவசரப்படுத்துபவரோடு முதல் ஓடரைச் செய்ய வேண்டாம்.

பிடித்த சாம்பிளில் இரண்டைத் திகதி எழுதி எடுத்து வையுங்கள். ஓடரில் ‘இன்ன திகதியில் அனுப்பிய சாம்பிளைப் போலவே’ என்று ஒரு வரி எழுதி, அவரிடமிருந்து சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பார்சல் வந்த அன்றே நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சில பைகளை எடுத்து, வைத்திருந்த சாம்பிளோடு ஒப்பிட்டுப் படம் எடுங்கள். 500கூட உங்களுக்கு அதிகம் என்றால், அதே அளவுப் பை பாவிக்கும் பக்கத்து உற்பத்தியாளர் ஒருவரோடு சேர்ந்து வெறும் பையாக எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்ரிக்கரை மட்டும் அவரவர் தனித்தனியாக அடித்தால் சரி.