உணர்ச்சிக்குறி எது, படவெழுத்து எது?

எமோஜிக்கு உணர்ச்சிக்குறி என்று எழுதுவதைப் போன மாதம் மட்டும் மூன்று பயிற்சிக் கையேடுகளில் பார்த்துவிட்டேன். மூன்றாவது கையேடு ஒரு பிள்ளையின் மடலையே கெடுத்திருந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல் பொதி செய்து அனுப்புகிறாள். கனடாவில் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரருக்கு முதன்முதலாக மின்னஞ்சல் எழுதி, அனுப்ப முதல் என்னிடம் காட்டினாள். கையேட்டில், "அறிமுகமில்லாதவருக்கு எழுதும்போது உணர்ச்சிக்குறிகளைத் தவிர்க்கவும்" என்று இருந்ததாம்.

"அண்ணா, உணர்ச்சிக்குறி எல்லாத்தையும் எடுத்துப்போட்டன். பாருங்கோ."

பார்த்தேன். ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. ஆனால் தலைப்பிலே 🌴😍, நடுவிலே 😂, முடிவிலே 🙏🙏🙏.

"அப்ப இந்த மூஞ்சியள்?"

"அதுகள் எமோஜி எல்லோ? அதுகளை எடுக்கச் சொல்லேல்லையே."

பிள்ளையில் பிழையில்லை. "!" என்ற குறிக்கு வியப்புக்குறி, ஆச்சரியக்குறி, உணர்ச்சிக்குறி என்று மூன்று பெயரும் தமிழில் வழங்குகின்றன. மூன்றாவது பெயரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் "!" ஐத்தான் எடுப்பாள். ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீட்டை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தவர் மொழிபெயர்த்தவர்.

சொல்லின் பிறப்பு சின்னக் கதை. எமோஜி ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம், 'மொஜி' என்றால் எழுத்து. 1999 இல் ஜப்பானின் டொகோமோ தொலைபேசி நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா வரைந்த 176 சிறு படங்களோடு அது நன்றாகப் பரவியது. 2010 இல், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற யுனிகோடு எமோஜிகளைப் பெருந்தொகையாகத் தன் எழுத்துகளோடு சேர்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் 'இமோஷன்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. அந்தச் சொல்லோடு உண்மையில் உறவுள்ளது இமோட்டிகான். முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டுச் செய்கிற :-) முகம் அது, 1982 இல் ஸ்கொட் ஃபால்மன் முன்மொழிந்தது. அதற்கு முகக்குறி என்றால் போதும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஓசையைக் கேட்டு, பொருளைப் பார்க்காமல் பெயர்த்ததால் வந்த வினைதான் உணர்ச்சிக்குறி.

"பெரும்பாலான எமோஜி உணர்ச்சியைத்தானே காட்டுகிறது" என்று ஒரு நண்பர் வாதாடினார். அந்த மடலில் இருந்த 🌴 எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது? 📎 எதைக் காட்டுகிறது? ☎ எதைக் காட்டுகிறது? இவை பொருள்களின் படங்கள். அந்த 🌴 இன்னொரு வில்லங்கமும் செய்தது. யுனிகோடில் அது U+1F334. பனைக்கென்று தனிக் குறியீடு அங்கே இல்லை. பெரும்பாலான கைபேசிகளில் அது வளைந்த தென்னையாகவே தெரியும். பனங்கட்டி விற்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை தலைப்பிலேயே தென்னையை நட்டு அனுப்பினால், பனையடியில் வளர்ந்து போன கடைக்காரருக்கு அது எப்படி இருக்கும்? உணர்ச்சிக்குறி என்ற பெயர் இந்தப் பிழையை மறைத்துவிடுகிறது. படவெழுத்து என்று சொல்லிப் பாருங்கள், "இது எதன் படம்?" என்ற கேள்வி தானாக வருகிறது.

ஆகவே என் சொல் படவெழுத்து. தமிழில் எழுதுதல் என்றால் வரைதலும்தான். கண்ணுக்கு மை எழுதுகிறோம், பாவை எழுதுகிறோம். பழைய எகிப்தியரின் எழுத்தைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறதே என்பார்கள். வழங்கட்டும், இரண்டும் ஒரே இனம். இது பிடிக்காதவர் எமோஜி என்றே எழுதலாம், எனக்குக் கோபமில்லை. தெளிவான கடன்சொல் குழப்புகிற தனித்தமிழைவிட மேல்.

அதே கையேட்டில் முன்பின் அறியாதவருக்கு எழுதும் மடலுக்குக் 'குளிர் மின்னஞ்சல்' என்று பெயர். அதைச் 'சூடாக்க' வேண்டுமாம். உள்ளம் குளிர்ந்தது என்றால் எங்களுக்கு மகிழ்ச்சி; சூடாகக் கொடுத்தான் என்றால் ஏச்சு. இந்த மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் அம்மா பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதில்லையா? அறிமுகமில்லா மடல் என்றால் என்ன குறை?

இனி அந்த மடலுக்கு வருகிறேன். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதில்தான் இந்தச் சொற்களின் வேறுபாடு தெரியும்.

படவெழுத்து முழுவதையும் எடுத்தோம். முதல் மடலில் சிரிப்பு முகம் அன்பைக் கூட்டுவதில்லை, எழுதியவரின் திறமையைத்தான் குறைத்துக் காட்டுகிறது என்று இஸ்ரேல், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017 இல் ஓர் ஆய்வில் கண்டார்கள். பதில் எழுதுபவர்கள் சொல்லும் விவரமும் குறைந்ததாம். நான் கண்ணால் கண்ட இடைஞ்சல் வேறு. எனக்கு வந்த ஓர் அலுவலக மடலில் "நன்றி J" என்று இருந்தது. J யாரென்று அரைநாள் யோசித்தேன். அவர்களுடைய மென்பொருள் :) என்ற முகக்குறியை விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிப்பு முகமாக மாற்றியிருக்கிறது, அந்த எழுத்துருவில் சிரிப்பு முகம் இருப்பது J இன் இடத்தில். அந்த எழுத்துருவைக் காட்டாத என் திரையில் வெறும் J மட்டும் வந்து நின்றது.

வியப்புக்குறியில் ஒன்றைத் திரும்பப் போட்டோம். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டில் வியப்பை மருட்கை என்று சொல்லி, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. தங்கச்சி முதலில் எழுதியிருந்த "வணக்கம்!!", "மலிவு விலை!!!" இரண்டிலும் இந்த நான்கில் எதுவும் இல்லை. "மாரி முழுவதும் வைத்திருந்த கட்டி இன்னும் கசியவில்லை!" என்பதில் இருக்கிறது. பனங்கட்டி ஈரக்காற்றில் கசியும். விற்கிறவருக்கு அதுதான் கவலை. அந்த வரியில் குறி தன் வேலையைச் செய்கிறது.

நகைச்சுவையில் நிறைய நேரம் போயிற்று. "எங்கட கட்டியை வாங்கினால் நீங்களே தின்று கடையைக் காலியாக்கிப் போடுவீங்கள் 😂" என்று எழுதியிருந்தாள். நகை பிறக்கும் நான்கு நிலைக்களங்களில் முதலாவது எள்ளல். முகம் தெரியாத ஆளை எள்ள எங்களுக்கு உரிமையில்லை. கூடவே தன் பகிடிக்குத் தானே சிரித்துக் காட்டுகிற முகம் வேறு. அதை எடுத்துவிட்டு, "குட்டானைப் பிரித்த பிறகும் ஓலையை எறிய மனம் வராமல் எங்கள் வீட்டில் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது" என்று எழுதினோம். பகிடி எழுதியவள் வீட்டின் மேல் விழுகிறது. குட்டானில் கட்டி வாங்கித் தின்ற எவருக்கும் அந்த ஓலை மணக்கும். சிரிக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை, கட்டி இப்போதும் ஓலைக் குட்டானில்தான் வருகிறது என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

நான்காம் நாள் பதில் வந்தது. நிறை, விலை, கப்பலில் அனுப்பினால் கசியுமா என்று மூன்று கேள்வி. முடிவில் ஒரு 🙏. தங்கச்சி மூன்றுக்கும் பதில் எழுதி, கடைசியில் தானும் ஒரு 🙏 வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். அதை நான் எடுக்கச் சொல்லவில்லை.