அடாப்டிவ் ரீயூஸ்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

சிங்கப்பூர்ல ராபர்ட்சன் கீ பக்கம் ஆத்தோரமா நடந்தா முக்கோணத் தலையோட நிக்கிற பழைய கிடங்குங்க கண்ணுல படும். அதுல 1895ல கட்டின ஒன்னு 2017லேர்ந்து ஹோட்டல், இன்னொன்னுல அச்சுக்கலை ஸ்டூடியோ நடக்குது. மூட்டை அடுக்குன கட்டடத்தை இடிக்காம, அதோட எலும்பை வச்சுக்கிட்டு வேற வேலைக்கு மாத்துறாங்க பாருங்க, அதுதான் அடாப்டிவ் ரீயூஸ்.

பெயிண்ட் அடிச்சு ஏசி போட்டா அது ரினோவேஷன். அப்படியே பழைய நிலைக்குக் கொண்டுவந்தா ரெஸ்டொரேஷன். முகப்புச் சுவரை மட்டும் விட்டுட்டு உள்ள எல்லாத்தையும் இடிச்சுப் புதுசா கான்கிரீட் கட்டிட்டு, இதுவும் அடாப்டிவ் ரீயூஸ்தான்னு விளம்பரம் போடுவாங்க, என்னைக் கேட்டா அது தோலை வச்சு பொம்மை பண்றது. பயன்பாடு மாறணும், ஆனா பாரம் தாங்குற சுவரு, உத்தரம், கூரைச் சட்டம் எல்லாம் அதே வேலையைத் தொடர்ந்து பாக்கணும், ரெண்டும் சேந்தாத்தான் அந்தச் சொல்லு பொருந்தும். சிங்கப்பூர்ல பாதுகாக்கப்பட்ட கட்டடம்னா நகர மறுசீரமைப்பு ஆணையமும் இதைத்தான் கேக்குது, முடிஞ்ச வரைக்கும் இருக்கிறதை விட்டு வை, பக்குவமா மீட்டெடு, கவனமா ரிப்பேர் பண்ணு, இடிச்சு மாத்துறது கடைசி.

இங்க ஒரு சின்ன விஷயம், கிடங்கை இங்கிலீஷ்ல கோடவுன்னு சொல்றோமே, அது நம்ம கிடங்குதான். 'கிட'ங்கிற வினையிலேர்ந்து வந்தது, சரக்கு கிடக்கிற இடம். தமிழ்லேர்ந்தும் தெலுங்குலேர்ந்தும் மலாய்க்குப் போயி குடாங் ஆச்சு, அங்கேர்ந்து ஐரோப்பிய யாவாரிங்க வாயில கோடவுன் ஆச்சுன்னு சொல்லுவாங்க. சிங்கப்பூர்ல இதோட இன்னொரு வடிவமும் இருந்துச்சு, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியாருங்களோட கிட்டங்கி. நீளமான ஒரு கூடம், அதுல ஆளுக்கொரு சின்ன மேசைப்பெட்டி, ஒரு இரும்புப்பெட்டி, தரையில உக்காந்து தனித்தனி வட்டிக்கடை கணக்கு எழுதுவாங்க, கூரை மட்டும் பொது. இன்னைக்கு கோ-வொர்க்கிங்னு வாடகைக்கு விடுறதுக்கும் அதுக்கும் பெரிசா வித்தியாசம் எனக்குத் தெரியலை.

சரி, ஒரு கிடங்கை ஸ்டூடியோவா மாத்துறப்ப என்ன நடக்குதுன்னு பாத்தாத்தான் சொல்லோட அர்த்தம் பிடிபடும். பேச்சுக்கு ஒரு ரெண்டு மாடிக் கிடங்கு வச்சுக்குவோம். அகலம் 8 மீட்டர், ஆழம் 30 மீட்டர், ரெண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடத்தோட சேந்த தடிச்ச செங்கல் சுவரு, ஜன்னல் முன்னாடியும் பின்னாடியும் மட்டும். மேல்மாடித் தரைக்குக் குறுக்கே பெரிய மர உத்தரம், நடுவுல தூணு, உத்தரத்துக்கு உத்தரம் நீளவாக்குல சின்னச் சட்டம், அதுமேல பலகை. கூரையைத் தாங்க மரச்சட்டத்தை முக்கோணமா கோத்த ட்ரஸ், மேல ஓடு.

சரக்குக்கு வெளிச்சம் தேவையில்லை, லேப்டாப் வச்சு உக்கார்ற ஆளுக்கு வேணும். ஜன்னலோட மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் ஒழுங்கா உள்ள வரும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மேல் விளிம்பு 3 மீட்டர்னா முன்னாடி ஒரு 7 மீட்டர், பின்னாடி ஒரு 7 மீட்டர், நடுவுல 16 மீட்டர் பகல்லயும் லைட் போட்டாத்தான் ஆகும். பக்கச்சுவரு பக்கத்துக்காரரோடதும் கூட, அதுல ஜன்னல் வெட்ட முடியாது, அப்போ வெளிச்சம் மேலேர்ந்துதான் வரணும்.

உடனே எல்லாரும் கூரையில கண்ணாடி பதிப்போம்பாங்க. நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு ஒன்னரை டிகிரி கூட வடக்க இல்ல, மத்தியானம் சூரியன் தலைக்கு மேல நிக்கும், படுக்கையா வச்ச கண்ணாடி அந்த நேரத்துல வெயிலையும் சூட்டையும் நேரா மேசையில கொட்டும். குளிர்நாட்டு ஃபேக்டரிங்கள்ல வடக்கு பாத்த ரம்பப்பல் கூரை போடுவாங்களே, அதையும் இங்க அப்படியே காப்பி அடிக்க முடியாது, மார்ச் கடைசிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இங்க மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும்.

இதுக்குக் கீழ கடை, மேல வீடுன்னு கட்டின பழைய ஷாப்ஹவுஸ்லயே பதில் இருக்கு, ஜாக் ரூஃப். முகட்டுல கொஞ்ச தூரத்துக்கு ஓடுங்களை எடுத்துட்டு, அதுக்கு மேல குட்டிக் கூரை ஒன்னைத் தூக்கி வச்சு, இடையில நிக்கிற ரெண்டு பக்கமும் காத்துக்கும் வெளிச்சத்துக்கும் விடுறது. நம்ம கிடங்கோட முகப்பு மேற்க பாத்துதுன்னா முகடு கிழக்கு மேற்கா ஓடும், ஜாக் ரூஃப் கண்ணாடி வடக்கும் தெற்கும் பாக்கும், இதுதான் நல்ல அமைப்பு. ஜூன்ல மத்தியான வெயில் வடக்கேர்ந்து 68 டிகிரி உயரத்துல வரும், டிசம்பர்ல தெற்கேர்ந்து 65. கண்ணாடி 60 சென்டிமீட்டர் உயரம்னா அதுக்கு மேல 30 சென்டிமீட்டர் தாழ்வாரம் நீட்டினாப் போதும், மத்தியான வெயில் உள்ள விழாது. காலையிலயும் சாயங்காலமும் சாய்ஞ்ச வெயில் கொஞ்சம் நுழையும், அதுக்காக தாழ்வாரத்தை இன்னும் நீட்டினா வானத்து வெளிச்சமும் சேந்து போயிடும், நீட்டாதீங்க, மேசையை அந்தக் கோட்டுலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்க. குட்டிக் கூரையோட அடிப்பக்கத்துக்கு மினுமினுக்காத வெள்ளை அடிச்சா பட்ட வெளிச்சம் பரவி இறங்கும்.

மேல்மாடிக்கு வெளிச்சம் வந்தாச்சு, கீழ்மாடிக்கு? நேர் கீழ தரையைத் திறக்கணும். இங்கதான் அடாப்டிவ்ங்கிற பாதிச் சொல்லுக்கு வேலை. ரெண்டு உத்தரத்துக்கு நடுவுல இருக்கிற பலகையையும் சின்னச் சட்டத்தையும் மட்டும் கழட்டினா வெளிச்சம் கீழ இறங்கும், குறுக்க போற உத்தரத்தை அப்படியே விடணும், ஏன்னா அது தரையை மட்டும் தாங்கலை, ரெண்டு பக்கச் சுவரையும் சாயாம பிடிச்சும் நிக்குது. அழகா இருக்கும்னு உத்தரத்தோட சேத்து எடுத்தா, பாதி உயரத்துல பிடிமானம் இருந்த சுவரு திடீர்னு ரெண்டு மாடி உயரத்துக்குத் தனியா நிக்கும். இன்னொரு வழக்கமான தப்பு, தலையிடிக்குதுன்னு ட்ரஸ்ஸோட அடிச்சட்டத்தை அறுக்கிறது. அந்தச் சட்டம் இல்லாட்டி கூரையோட ரெண்டு கையும் விரிஞ்சு சுவரை வெளிய தள்ளும். ஏற்கனவே யாராச்சும் அறுத்திருக்காங்களான்னு தெரிஞ்சுக்க, சுவரோட உச்சியில கூரை உக்கார்ற இடத்துக்குக் கீழ படுக்கையா விரிசல் ஓடுதா, முகடு நடுவுல தொய்ஞ்சிருக்கான்னு பாருங்க. உத்தரம் சுவருக்குள்ள நுழையிற முனையையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாக்கணும், ஈரமும் கரையானும் முதல்ல அங்கதான் வரும், பொத்துன்னு உள்ள போச்சுன்னா ஜாக் ரூஃப் பேச்சை நிறுத்திட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்க. தரையைத் திறந்தா ரெண்டு மாடியும் தீயணைப்புக் கணக்குல ஒன்னாயிடும், அதையும் பிளான்லயே காட்டணும்.

இப்போ தமிழ்ச் சொல்லு. அடாப்டுக்கு வேர் லத்தீன் ஆப்டுஸ், பொருந்தினது, தக்கதுன்னு அர்த்தம். தமிழ்ல 'தகவு' அதே அர்த்தம்தான், 'தக்கார் தகவிலர்'னு குறள்ல வர்ற தகவு. அதனால தகவமைப்புங்கிறது வேர் வரைக்கும் சரியா வருது, ஆனா உயிரியல் பாடத்துல ஒட்டகம் தானா தகவமைச்சுக்குதுன்னு படிச்சுப் பழகினதால, கட்டடம் தானா மாறிக்கிட்ட மாதிரி காதுல விழும். 'மறுபயன்பாடு'ன்னு மட்டும் சொன்னா பழைய பாட்டில் ஞாபகம் வருது, 'மாற்றுப் பயன்பாடு'ன்னா இடிச்சுக் கட்டினாலும் பொருந்திடும். எழுத்துல 'தகவமைத்த மறுபயன்பாடு'ன்னு போடுவேன், 'தகவமைத்த'ன்னு சொல்றப்ப அமைச்ச ஆள் ஒருத்தர் இருக்கார்னு தெரியுது. பேச்சுல? கிடங்கை ஸ்டூடியோவா மாத்தியிருக்காங்கன்னு சொன்னாலே யாருக்கும் புரியும். கோ-வொர்க்கிங்குக்கு 'கூட்டுப் பணியிடம்'னு எழுதுறாங்க, எனக்கு கிட்டங்கிதான் பிடிச்சிருக்கு, வாடகை விளம்பரத்துல யாரும் போட மாட்டாங்க, அது வேற விஷயம்.