அப்பாவின் வைப்புத்தொகையில் பாட்டிக்கும் பங்கு உண்டு

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலை விவசாயி, 58 வயது, செப்டம்பர் 30-ஆம் தேதி கோவை மருத்துவமனை ஒன்றில் காலமானார். வணிக வங்கியில் 12 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை வைத்திருந்தார். தனக்குப் பின் அதைப் பெறுபவராக யாரையும் வங்கியில் நியமனம் செய்யவில்லை. மனைவி, மகன், திருமணமான மகள், எண்பதைத் தாண்டிய தாயார் இருக்கிறார்கள். பச்சை இலை விற்ற பணம் விவசாய வருமானம் என்பதால் அவர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்ததில்லை. ஆடிட்டராக நான் பார்க்கும் மலைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நிலைமை பொருந்தும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் இறப்புச் சான்றிதழில் வந்தது. மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆகவே சான்றிதழ் கோவையில்தான் கிடைத்தது. அதில் அவர் பெயர் ஒரு முன்னெழுத்தோடும், வைப்புத்தொகை ரசீதில் இரண்டு முன்னெழுத்துகளோடும் இருந்தது. அதைத் திருத்த மகன் மீண்டும் மலையிறங்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போதே ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரை எழுதச் சொல்லுங்கள். துக்கத்தில் யாருக்கும் இது தோன்றாது என்பதால்தான் உறவினர் ஒருவர் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு இறந்தவர் குடியிருந்த வட்டத்தில், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகு வட்டாட்சியர் வழங்குவார். மகன் எழுதி வந்த விண்ணப்பத்தில் மூன்றே பெயர்கள் இருந்தன. பாட்டியைச் சேர்க்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தாயார் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகளுக்கு நிகரான பங்கு அவருக்கும் உண்டு. தந்தைக்கு அந்த வகுப்பில் இடமில்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்று விட்டுவிடுவதும் தவறு. இங்கே நால்வருக்கும் ஆளுக்கு 3 லட்சம். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. தோடர், கோத்தர் உள்ளிட்ட பட்டியல் பழங்குடியினருக்கும் இந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது.

வங்கிக் கிளையில் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள். அது மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் அதிகம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையின்படி, நியமனம் இல்லாவிட்டாலும் தகராறும் உயிலும் இல்லாத நிலையில், வணிக வங்கிகளில் 15 லட்சம் வரையிலும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையிலும் அது தேவையில்லை. உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று, வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ், பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுசெய்வோம் என்று எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம், பணம் கோராத வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதம் ஆகியவை போதும். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த 15 நாட்களுக்குள் வங்கி தீர்த்துவைக்க வேண்டும். ஆகவே ஒப்படைத்த தேதிக்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். நியமனதாரர் இருந்தால் இந்த வாரிசு ஆவணங்கள் எதுவும் வேண்டாம். ஆனால் அவர் மற்ற வாரிசுகளின் சார்பில் பணத்தைப் பெறுகிறவர்தான்; நியமனம் மட்டுமே அவரை உரிமையாளர் ஆக்கிவிடாது. ஆட்சேபனையின்மைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் பாட்டிக்கும் மகளுக்கும் அதை வாசித்துக் காட்டிய பிறகே பேனாவைக் கொடுங்கள்.

இனி வரி. வாரிசாகக் கிடைத்த 3 லட்சத்துக்கு வருமான வரி கிடையாது. வட்டிக்கு உண்டு. வட்டி யாருடையது என்பதை இறந்த தேதி தீர்மானிக்கிறது. 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 84,000 ரூபாய் வட்டி, காலாண்டுதோறும் வரவாயிற்று. செப்டம்பர் வரையிலான 42,000 இறந்தவரின் வருமானம். அதன் பிறகு வந்த 42,000 வாரிசுகளுடையது, ஆளுக்கு 10,500. கோவையில் சம்பள வேலையில் இருக்கும் மகள் அதைத் தன் கணக்கில் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மரணத்தை வங்கிக்கு எழுத்தில் தெரிவித்தது மார்ச் மாத வட்டியும் வரவான பிறகுதான். அதுவரை இறந்தவரின் பான் எண்ணிலேயே வட்டிக்கான வரிப் பிடித்தம் நடந்து, ஆண்டு முழுவதற்குமான 8,400 ரூபாயும் இறந்தவர் பெயரில் போய்ச் சேர்ந்தது. முதல் பாதியான 4,200-ஐத் திரும்பப் பெற, வருமான வரி இணையதளத்தில் மகன் தன்னைச் சட்டப்படியான பிரதிநிதியாகப் பதிவு செய்து, தந்தையின் பெயரில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மீதிப் பாதிக்கு, வட்டி இன்னாருக்கு இவ்வளவு என்று வாரிசுகளின் பான் எண்களோடு வங்கிக்கு உறுதிமொழி கொடுத்து, பிடித்தத்தை அவரவர் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்குக் காத்திராமல், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே அதன் நகலோடு வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தால், இந்த இரண்டாம் பாதிச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம்.