முதலில் சரத்து, பிறகு தீர்ப்பு: ஓராண்டு எல்.எல்.எம். மாணவருக்கான வார அட்டவணை

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜூனியர் வக்கீலாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, சர்வதேசச் சட்டத்தில் ஓராண்டு எல்.எல்.எம். படிக்கப் போகிற பிள்ளைகள் முதல் மாதம் முடிந்ததும் என் அலுவலகத்துக்கு ஒரு கால அட்டவணையோடு வருவார்கள். திங்கள் கடல் சட்டம், செவ்வாய் மனித உரிமை, புதன் உடன்படிக்கைச் சட்டம் என்று வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். மூன்றாவது வாரமே படுத்துவிடும்.

காரணம் சோம்பல் அல்ல. பாடவாரியாக நேரம் பிரித்ததுதான் கோளாறு. உடன்படிக்கை படிப்பதும், தீர்ப்பு படிப்பதும், கட்டுரை எழுதுவதும் மூன்று வேறு வேலைகள். உடன்படிக்கையில் படிக்க வேண்டியது இரண்டு பக்கம்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று போக வேண்டும். தீர்ப்பு நீளமானது, நடுவில் எழுந்து போனால் வாதத்தின் நூல் அறுந்துவிடும். கட்டுரைக்கோ, வாரா வாரம் கொஞ்சம் கை வைத்தால்தான் கடைசி வாரம் மூச்சு விட முடியும். ஆகவே கட்டங்களைப் பாடத்தின் பெயரால் பிரிக்காமல் வேலையின் பெயரால் பிரிக்கச் சொல்வேன்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளி மாலை பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, ஞாயிறு மாலை திரும்புவாள். அந்த வாரம் அவளுக்குக் கடல் சட்டத்தில் கொடுத்திருந்த தீர்ப்பு, சர்வதேச நீதிமன்றம் 1969-ல் சொன்ன வட கடல் கண்டத்திட்டு வழக்கு. ஜெர்மனி ஒரு பக்கம், டென்மார்க்கும் நெதர்லாந்தும் மறுபக்கம். கரையை ஒட்டிக் கடலுக்கடியில் நீளும் நிலமான கண்டத்திட்டில், எல்லையை இரு கரைகளிலிருந்தும் ஒரே தொலைவில் ஓடும் சமதூரக் கோட்டின்படிதான் போட வேண்டுமா என்பது கேள்வி.

"சார், தீர்ப்பை ரெண்டு தடவை படிச்சுட்டேன், ஒண்ணும் நிக்கல" என்றாள்.

"1958 கண்டத்திட்டு உடன்படிக்கையைப் படிச்சியாம்மா?"

"ஆறாவது சரத்து மட்டும் பார்த்தேன் சார்."

அங்கேதான் சிக்கல். ஆறாவது சரத்து, உடன்பாடு எட்டவில்லை என்றால், சிறப்புச் சூழ்நிலை எதுவும் இல்லாதபோது, சமதூரக் கோடு என்கிறது. ஜெர்மனி அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. அப்படியென்றால் ஆறாவது சரத்து, நாடுகள் கடமை என்று கருதித் தொடர்ந்து பின்பற்றுவதால் எல்லோரையும் கட்டும் வழமைச் சட்டமாகி ஜெர்மனியையும் கட்டுமா? இதற்குப் பதில் சொல்லும்போது நீதிமன்றம் பிடித்துக்கொண்ட பிடிகளில் ஒன்று, உடன்படிக்கையின் பின்பகுதியில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் பன்னிரண்டாவது சரத்து. முதல் மூன்று சரத்துகளைத் தவிர மற்றவற்றுக்கு, 'இது எங்களைக் கட்டாது' என்று ஒரு நாடு ரிசர்வேஷன் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. விலகிக்கொள்ள அனுமதிக்கிற ஒரு சரத்தை, எல்லா நாடுகளையும் கட்டும் வழமை என்று எப்படிச் சொல்வது? தீர்ப்பின் 63-ஆம் பத்தியில் இந்த வாதம் வருகிறது. பன்னிரண்டாவது சரத்தைப் பார்க்காமல் அந்தப் பத்தியைப் படித்தால் வெறும் எழுத்தாகத்தான் தெரியும்.

எனவே அட்டவணையில் முதல் விதி: தீர்ப்புக்கு முந்தைய மாலையில் உடன்படிக்கை. ஒன்றரை மணி நேரம் போதும். அச்சிட்ட தாளில், பேனாவோடு. பாடத்துக்குரிய சரத்தோடு நிறுத்தாமல், முகவுரை, வரையறைகள், கடைசியில் வரும் ரிசர்வேஷன், தகராறு தீர்ப்பது, அமலுக்கு வருவது பற்றிய சரத்துகள் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்ட வேண்டும். முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்து, 'யாருக்கு, என்ன கடமை, எந்த விதிவிலக்கோடு' என்று சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் படிக்கவில்லை என்று அர்த்தம்.

தீர்ப்புக்கு வகுப்பில்லாத ஒரு காலை முழுதாக வேண்டும், நான்கு மணி நேரம். அவளுக்கு அது புதன்கிழமை. வட கடல் தீர்ப்பில் 101 பத்திகள். முதலிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 101-ஆம் பத்தியை முதலில் படி, முடிவு அங்கே இருக்கிறது. அப்புறம் வழக்கின் கதை. அப்புறம் 60 முதல் 81 வரை நிதானமாக. நாடுகளின் நடைமுறை எவ்வளவு பரவலாகவும் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும் என்பது 74-ல் இருக்கிறது. அதைச் சட்டக் கடமை என்று நம்பிச் செய்திருக்க வேண்டும் என்பது 77-ல். மற்றப் பத்திகளை வேகமாகத் தாண்டலாம். தனிக் கருத்துகளும் மாறுபட்ட கருத்துகளும் சேர்ந்து தீர்ப்பைவிட நீளம். ஒன்றே ஒன்று எடுத்தால் போதும். நீதிபதி லாக்ஸ் எழுதிய மாறுபட்ட கருத்தை நான் சொல்வேன், ஆறாவது சரத்து பொதுச் சட்டமாகிவிட்டது என்று நேர் எதிராக வாதிடுகிறார்.

நம் ஊர் வக்கீல்களுக்கு ஒரு பழக்க தோஷம் உண்டு. தீர்ப்பின் தலையில் அச்சிடும் சுருக்கமான ஹெட்நோட்டைப் பார்த்து வழக்கைப் பிடித்துவிடுவோம். கோர்ட்டில் அது ஓடும். இங்கே நீதிமன்றத்தின் இணையதளத்தில் சுருக்கம் கிடைக்கிறதே என்று அதிலேயே நின்றுவிட்டால், கட்டுரையில் மேற்கோள் காட்டப் பத்தி எண் இருக்காது. கட்டுரையைத் திருத்துபவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

தீர்ப்புக்கு மறுநாள் ஒரு மணி நேரம் குறிப்பு. அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது: கேள்வி, விடை, காரணம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரத்து எண்ணும் பத்தி எண்ணும். இரண்டு பக்கம் ஓடினால், எது முக்கியம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் பொருள். இந்த எண்கள்தான் பின்னால் கட்டுரையின் அடிக்குறிப்பாகும். எண் இல்லாமல் குறிப்பெடுத்தவர்கள் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து தேடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று பாடத்துக்கும் இப்படிச் செய்ய வாரத்தில் நேரம் போதாது. இரண்டு தீர்ப்பை முழுதாக, மூன்றாவதை முடிவையும் முக்கியப் பத்திகளையும் மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்தப் பாடத்தை மூன்றாவதாகத் தள்ளுவது என்பதை வாரா வாரம் மாற்றினால் எதுவும் முழுசாகப் பின்தங்காது. வெள்ளி மாலை பஸ்ஸில் தீர்ப்பு படிப்பேன் என்று அவள் கட்டம் போட்டிருந்தாள். அடித்துவிட்டேன், தூங்கட்டும்.

சனிக்கிழமை காலை கட்டுரைக்கு. மூன்று பாடத்துக்கும் கெடு ஒரே வாரத்தில் விழுவது வழக்கம், அதனால் ஒவ்வொரு கட்டுரையையும் வேறு வேறு வாரத்தில் தொடங்க வேண்டும். நாலாயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு நான்கு சனிக்கிழமை என்பது என் கணக்கு. முதல் வாரம் கேள்வியை ஒரே வாக்கியமாக்குவது, இரண்டாவது வாரம் வாதத்தின் எலும்புக்கூடு, மூன்றாவது எழுத்து, நான்காவது அடிக்குறிப்பும் வெட்டலும்.

அந்தப் பெண் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எடுத்தாள். கச்சத்தீவுக்குப் போய்வரும் உரிமை ஐந்தாவது சரத்தில் இருக்கிறது, இரு நாட்டுப் படகுகளும் பாரம்பரியமாக அனுபவித்த உரிமை ஆறாவதில். ஆனால் மீன்பிடிப்பைத் தடுக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை. 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. முதல் சனிக்கிழமையே மூல வாசகங்களைத் திரட்டியதால்தான் கடிதங்கள் கண்ணில் பட்டன. கேள்வியே மாறிவிட்டது: பின்னால் வந்த கடிதங்களை வைத்து முந்தைய ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லலாமா? அதற்கு, உடன்படிக்கைகளுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்று சொல்லும் வியன்னா உடன்படிக்கையின் 31-ஆவது சரத்து வேண்டும். இந்தியா அதில் சேரவில்லை என்பதால், அந்தச் சரத்து வழமைச் சட்டமாகவும் செல்லும் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். வட கடல் வழக்கில் எடுத்த அரைப் பக்கக் குறிப்பு அந்தப் பத்திக்குத்தான் பயன்பட்டது, 74, 77 என்ற எண்களோடு.

கெடு வாரத்தில் புதுத் தீர்ப்பு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டேன். உடன்படிக்கை மாலையை மட்டும் விட வேண்டாம். அது போனால் அடுத்த வாரப் புதன்கிழமையும் வீணாகும்.