செவ்வாய் பின்னால் போன 79 நாட்கள்

வான்நோக்கல் பயிற்சி நடத்தும்போது செவ்வாயைக் காட்டினால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "இது வக்கிரத்தில் இருக்கிறதாமே, பின்னால் போவதைப் பார்க்க முடியுமா?" கேட்டுவிட்டு அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். செவ்வாய் மேற்கே நகரும். "ஆமாம், போகிறது!" என்பார்.

அது வக்கிரம் இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் எல்லா நட்சத்திரங்களும் ஒவ்வொரு இரவும் மேற்கே நகர்கின்றன, கோளும் அவற்றோடு சேர்ந்து போகிறது. நாம் தேடும் நகர்வு நட்சத்திரங்களுக்கு நடுவே நடப்பது. அது ஒரே இரவில் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து நட்சத்திரங்களை ஒரு தாளில் வரைந்து, வாரம் ஒருமுறை கோளின் இடத்தைப் புள்ளி வைத்துக் குறித்து வந்தால்தான் தெரியும்.

2024 நவம்பரில் எங்கள் குழுவில் ஒரு மாணவி அப்படிக் குறிக்க ஆரம்பித்தாள். பூசம் நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் செவ்வாய் மெல்லக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் வைத்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. தான்தான் தப்பாகக் குறித்துவிட்டோம் என்று நினைத்து ஒரு புள்ளியை அழித்தும் விட்டாள். நல்லவேளை, தாளில் தடம் இருந்தது. அவள் குறித்தது சரிதான். டிசம்பர் 7 அன்று செவ்வாய் நின்று திரும்பியிருந்தது. அதன் பிறகு புள்ளிகள் மேற்கே போயின. ஜனவரியில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களைத் தாண்டி, பிப்ரவரி 24 அன்று மறுபடி நின்று, பழையபடி கிழக்கே திரும்பியது. அந்த 79 நாட்களில் செவ்வாய் பின்வாங்கிய தூரம் 19 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், ஏறக்குறைய இரண்டு முஷ்டி அகலம்.

சரி, செவ்வாய் உண்மையிலேயே திரும்பியதா? இல்லை. தன் பாதையில் எப்போதும் போகும் திசையிலேயே அது போய்க்கொண்டிருந்தது. உள்வட்டத்தில் வேகமாகப் போகும் பூமி அதை முந்தியது, அவ்வளவுதான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2025 ஜனவரி 16 அன்று சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்தன, நடுவில் பூமி. அப்போது பூமியின் வேகம் நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர், செவ்வாயின் வேகம் சுமார் 22. இரண்டும் ஒரே திசையில் போனதால், நொடிக்கு 8 கிலோமீட்டர் வீதம் செவ்வாய் நமக்குப் பின்தங்கியது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர். செவ்வாய் இருந்த தூரம் 9.6 கோடி கிலோமீட்டர். அந்தத் தூரத்திலிருந்து பார்க்க, 7 லட்சம் கிலோமீட்டர் என்பது 0.4 டிகிரி. முழுநிலாவின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவு. ஜனவரி நடுவில் தினமும் செவ்வாய் பின்வாங்கிய அளவும் அதேதான்.

ரயில் பேருந்தை முந்தும் உதாரணத்தை இதற்குப் பலரும் சொல்வதுண்டு, நானும் சொல்வேன். ஆனால் செவ்வாய் ஏன் நின்று திரும்புகிறது என்பதை அது விளக்காது. ரயில் நேர்க்கோட்டில் போகிறது. பூமியின் பாதை வளைந்தது. முந்துவதற்குப் பல வாரங்களுக்கு முன்பு, நம் ஓட்டம் பெரிதும் செவ்வாயை நோக்கியே இருக்கும். பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே போகும் பங்கு சிறியது என்பதால், செவ்வாயின் சொந்த நகர்வே மேலோங்கி, அது கிழக்கே போவதாகத் தெரியும். பூமி வளைந்து திரும்பத் திரும்ப இந்தக் குறுக்குப் பங்கு கூடிக்கொண்டே வரும். அது செவ்வாயின் குறுக்கு வேகத்துக்குச் சமமாகும் நாளில் செவ்வாய் நிற்கும். அதை மிஞ்சியதும் பின்வாங்கும். முந்திய பிறகு நம் ஓட்டம் மறுபடி சாய்வாகிவிடும், அப்புறம் இதே கதை தலைகீழாக நடக்கும். மாணவியின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது அந்தச் சமநிலை நாட்களில்தான்.

புதனுக்கும் வெள்ளிக்கும் வக்கிரம் உண்டு. அங்கே முந்துவது அவை, பின்தங்குவது நாம். ஆனால் அந்த நாட்களில் அவை பெரும்பாலும் சூரிய ஒளியில் மறைந்துவிடுவதால், குறித்துப் பழகுவதற்குச் செவ்வாயே நல்லது.

செவ்வாயை நாம் முந்துவது ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை. அடுத்த முறை அது 2027 ஜனவரி 10 வாக்கில் நின்று, ஏப்ரல் தொடக்கம் வரை பின்வாங்கும். நடுவில், பிப்ரவரி 19ஐ ஒட்டி, மகம் நட்சத்திரத்துக்குச் சில டிகிரி தள்ளி அதைக் கடந்து போகும். 2026 டிசம்பரிலேயே மகத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அழித்துவிடாதீர்கள்.