ஃபவுலிங்: பால் ஆலைத் தகடுகளில் ஏறும் பற்று

வெப்ப மாற்றம் பாடத்தில் வரும் சொற்களில் மாணவர்களை அதிகம் சறுக்க வைப்பது ‘ஃபவுலிங்’. வரையறையைக் கேட்டால் எழுதிவிடுவார்கள். கணக்காக வந்தால்தான் சிக்கல். சொல்லின் பொருள் பிடிபட்டால் கணக்கில் பாதிப் பிழை போய்விடும்.

‘ஃபவுல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதிப் பொருள் அழுகியது, நாறுவது. சமஸ்கிருதத்தில் கெட்ட நாற்றத்தைக் குறிக்கும் ‘பூதி’யும் இதுவும் ஒரே வேரைச் சேர்ந்தவை. நாற்றத்தைச் சொன்ன சொல் பிறகு அழுக்கையும் சொன்னது. கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஏறி வேகத்தைக் குறைத்தபோது மாலுமிகள் அதற்கும் இந்தச் சொல்லையே வைத்தார்கள். பொறியாளர்கள் சொல்வது ஏறக்குறைய இந்தக் கப்பல் பொருள்தான்: வேலை செய்யும் பரப்பில் வேண்டாத ஒன்று ஏறி, அந்தப் பரப்பின் வேலையைக் கெடுப்பது. அங்கே நாற்றமோ அசுத்தமோ இருக்க வேண்டும் என்பதில்லை. வெப்பப் பரிமாற்றியில் ஒட்டுவது நல்ல பாலின் நல்ல புரதமாகவே இருக்கலாம்.

அதனால்தான் ‘மாசுபடிதல்’, ‘அழுக்கேறல்’ என்ற பெயர்ப்புகள் பொருந்தவில்லை. பாலில் மாசு கலந்துவிட்டது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். ‘படிவு’ பரவாயில்லை. ஆனால் அது அடியில் தங்கும் வண்டலையே முதலில் நினைவூட்டும். பாலில் நடப்பது வண்டல் இறங்குவதல்ல. சூடான சுவரைத் தொட்ட இடத்தில் புரதம் உருமாறி ஒட்டிக்கொள்கிறது. நம் சமையலறையில் இதற்குச் சொல் இருக்கிறது. சோறும் குழம்பும் ஒட்டிக் காய்ந்த பாத்திரத்தைப் ‘பத்துப் பாத்திரம்’ என்கிறோம். அந்தப் ‘பத்து’ பேச்சு வழக்கு. எழுத்தில் அது ‘பற்று’. ஆகவே ஃபவுலிங்குக்குப் ‘பற்றுப்படிவு’ என்றும், அது நிகழ்வதைப் ‘பற்றேறுதல்’ என்றும் எழுதலாம். ‘பற்று’ என்று மட்டும் எழுதினால் கணக்குப்பதிவியல்காரர் வரவைத் தேடுவார் என்பதால் ‘படிவு’ துணைக்கு இருக்கட்டும்.

இதோடு வரும் ‘ஃபவுலிங் ஃபேக்டர்’ இன்னும் வம்பானது. ‘காரணி’ என்று பெயர்த்ததும் அது ஏதோ பெருக்கும் எண் என்று எண்ணி, மொத்த வெப்ப மாற்றக் கெழுவான U-வை அதனால் பெருக்கிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது வெப்பத்துக்கு எதிரான தடை. அலகு m²·K/W, குறியீடு Rf. தமிழில் ‘பற்றுத்தடை’ என்று சொல்லிவிட்டால், தடைகளைக் கூட்ட வேண்டும், பெருக்கக் கூடாது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

எந்த இயந்திரத்தில் இந்தப் பற்று என்பதையும் பார்த்துவிடுவோம். தகட்டு வெப்பப் பரிமாற்றி என்பது அலை அலையாக அழுத்திய மெல்லிய எஃகுத் தகடுகளை, நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்து, ஒரு சட்டத்தில் நெருக்கி முறுக்கிய அடுக்கு. ஒரு இடைவெளியில் பால் ஓடும், அடுத்த இடைவெளியில் வெந்நீரோ வேறு பாலோ எதிர்த் திசையில் ஓடும். 1923-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் இதை வடிவமைத்ததே பாலைப் பதப்படுத்தத்தான். சட்டத்தைத் தளர்த்தினால் ஒவ்வொரு தகட்டையும் கண்ணால் பார்த்துக் கழுவலாம். குழாய் வகையில் அந்த வசதி கிடையாது.

தேர்வில் வரும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும். மணிக்கு 10,000 கிலோ பால் 5°C-இல் வருகிறது. அதை 80°C-க்குச் சூடாக்க வேண்டும். சூடாகி வெளியேறும் பாலைக் கொண்டே உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்கும் மீட்புப் பகுதியின் திறன் 90%. மீதிச் சூட்டை வெந்நீர் தருகிறது, அந்த வெந்நீரை 3 பார் தனி அழுத்தமுள்ள நிறைவுற்ற நீராவி சூடாக்குகிறது. நீராவிச் செலவு எவ்வளவு, பற்றேறினால் என்ன ஆகும்?

மொத்த ஏற்றம் 75 டிகிரி. அதில் 90%, அதாவது 67.5 டிகிரி, மீட்புப் பகுதியிலேயே கிடைக்கிறது. பால் 72.5°C-இல் சூடாக்கும் பகுதிக்குள் நுழைகிறது. மீதி 7.5 டிகிரிதான் நீராவியின் பொறுப்பு. பாலின் தன்வெப்பம் 3.9 kJ/kg·K என்று கொண்டால்:

```
Q = (10000/3600) × 3.9 × 7.5 = 81.25 kW
நீராவி = 81.25 / 2163 × 3600 ≈ 135 kg/h
```

2163 kJ/kg என்பது 3 பார் நீராவியின் உள்ளுறை வெப்பம். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை.

இனி சூடாக்கும் பகுதியில் மட்டும் பற்றேறட்டும். சுத்தமான தகட்டின் U 3000 W/m²·K, பற்றுத்தடை 0.0001 என்போம்.

```
1/U = 1/3000 + 0.0001
U ≈ 2308 W/m²·K
```

‘பற்றேறியதால் நீராவிச் செலவு கூடும்’ என்று எழுதினால் இங்கே மதிப்பெண் போகும். பாலுக்கு வேண்டியது இப்போதும் அதே 7.5 டிகிரி, அதே 81.25 kW. அதனால், வெளியே இழக்கும் சூட்டை விட்டுவிட்டால், நீராவியும் அதே 135 கிலோதான். மாறுவது வெந்நீரின் வெப்பநிலை. U 1.3 மடங்கு குறைந்ததால் வெந்நீருக்கும் பாலுக்கும் இடையிலான மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு 1.3 மடங்கு கூட வேண்டும். வெந்நீர் மணிக்கு 15,000 கிலோ ஓடி, முன்பு 84°C-இல் நுழைந்துகொண்டிருந்தது என்றால் அந்த வேறுபாடு 5.3 டிகிரி. இப்போது 6.9 டிகிரி தேவை. வெந்நீர் 85.6°C-க்கு ஏற வேண்டும்.

நீராவி கூடுவது மீட்புப் பகுதியில் பற்றேறும்போதுதான். அதன் திறன் 90-இலிருந்து 86 விழுக்காடாக இறங்கியது என்று வையுங்கள். பால் இப்போது 69.5°C-இல்தான் வருகிறது. சூடாக்கும் பகுதி 10.5 டிகிரி ஏற்ற வேண்டும். வெப்பம் 113.75 kW, நீராவி 189 கிலோ. திறன் குறைந்தது 4 புள்ளி, நீராவி கூடியது 40 விழுக்காடு. நீராவி சுமப்பது 90-ஐ அல்ல, மீதியுள்ள 10-ஐ. அந்த 10 இப்போது 14 ஆகிவிட்டது. விடைத்தாளில் இந்த ஒரு வரி இருந்தால் திருத்துபவருக்கு மாணவர் விஷயம் புரிந்துதான் எழுதுகிறார் என்று தெரிந்துவிடும்.

இரண்டு பகுதியிலும் சேர்ந்து ஏறினால் வெந்நீர் ஏறக்குறைய 88°C வரை போக வேண்டியிருக்கும். சுவர் சூடாகச் சூடாகப் பற்று இன்னும் வேகமாக ஏறும், அதைச் சமாளிக்க வெந்நீரை மேலும் சூடாக்க வேண்டும். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் நீராவி வால்வு முழுதும் திறந்த பின்னும் பால் 80-ஐத் தொடாது. உடனே திருப்பு வால்வு பாலைப் பழையபடி தொட்டிக்கே அனுப்பிவிடும், உற்பத்தி நின்றுவிடும்.

நீராவியை நேரடியாகத் தகட்டுக்கு விடாமல் நடுவே வெந்நீரை வைப்பதற்கும் காரணம் இதுதான். வளிமண்டல அழுத்தத்திலேயே நீராவி 100°C. வெந்நீர் 84-இல் இருந்தால் பாலுக்கும் அதற்கும் வெளியேறும் முனையில் இடைவெளி 4 டிகிரி, நீராவியானால் 20. நீராவி குளிரும் பக்கத்தில் வெப்பத் தடை மிகக் குறைவு என்பதால் சுவரின் சூடும் நீராவியை ஒட்டியே நிற்கும். பால் அடிபிடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பற்றில் இருப்பது என்ன? ஏறக்குறைய 75 முதல் 110°C வரை ஏறுவது வெண்மையாக, மெத்தென்று இருக்கும். அதில் பாதிக்கு மேல் புரதம், மீதியில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். மோர்ப் புரதமான பீட்டா லாக்டோகுளோபுலின் 70 டிகிரியை நெருங்கும்போது சுருள் அவிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த கந்தக முனை வெளியே வருகிறது. அது அடுத்த மூலக்கூறைப் பிடிக்க, இரண்டும் சுவரைப் பிடிக்கின்றன. கால்சியம் பாஸ்பேட்டோ சூடேறினால் கரைதிறன் குறையும் வகை, அதனால் அதுவும் சூடான சுவரிலேயே வெளியேறுகிறது. 110°C-க்கு மேல் ஏறுவது வேறு ரகம்: சாம்பல் நிறம், கடினம், பெரும்பகுதி தாது. பால் லேசாகப் புளித்து வந்தால் எந்த வெப்பநிலையிலும் பற்று வேகமாக ஏறும்.

இது எவ்வளவு மெல்லிய படலம் என்பதைக் கணக்கே காட்டும். புரதப் பற்றின் வெப்பக் கடத்துத்திறனை 0.5 W/m·K என்று கொண்டால் 0.0001 என்ற தடைக்கு 0.05 மி.மீ. படலம் போதும். 0.6 மி.மீ. எஃகுத் தகட்டின் தடை (கடத்துத்திறன் 16) 0.0000375தான். தகட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு தடிமனுள்ள பற்று, தகட்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கிறது. அதே படலம் 3 மி.மீ. இடைவெளியின் இரு பக்கமும் ஏறினால் 2.9 மி.மீ. வழிதான் மிஞ்சும். கொந்தளிப்பு ஓட்டத்தில் அழுத்த இழப்பு இடைவெளியின் முப்படிக்கு எதிராகப் போகும் என்பதால் அது 11% அளவில் கூடும். ஓட்ட அளவு சற்று ஏறி இறங்கினாலே அழுத்தமானியில் இவ்வளவு மாற்றம் தெரியும். அதனால் முதல் சாட்சி வெந்நீர் வெப்பநிலையும் வால்வின் திறப்பும். அழுத்த இழப்பு அப்புறம் வரும் சாட்சி.

வடிவமைப்புக் கேள்வியில் ஒரு பொறி உண்டு. குழாய்ப் பரிமாற்றிக்கான அட்டவணையிலிருந்து பெரிய பற்றுத்தடையை எடுத்துத் தகட்டுக்குப் போட்டால், U ஏற்கெனவே உயர்வாக இருப்பதால் பரப்பு மடங்காகிவிடும். தகட்டில் கொந்தளிப்பு அதிகம், பற்று குறைவாகவே ஏறும். அட்டவணை எண்ணின் பத்தில் ஒரு பங்கு அளவே பொதுவாகக் கொள்ளத்தக்கது. அதை மறந்து இணையாகத் தகடுகளைக் கூட்டினால் ஒவ்வொரு வழியிலும் பாலின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பற்றை அரித்துச் செல்லும் விசையும் குறையும். பற்றுக்கு இடம் விட்டு வடிவமைத்த பரிமாற்றியில் பற்றுதான் அதிகம் ஏறும்.

பக்கத்துச் சொற்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘ஸ்கேல்’ என்பது வெந்நீர்ப் பக்கத்தில் கடின நீர் விடும் சுண்ணாம்புப் படிவு. வீட்டில் ‘உப்புப் பிடிச்சிருக்கு’ என்பது அதைத்தான். மீட்புப் பகுதியில் சூடான பால் 40 முதல் 45°C வரை ஆறிவரும் இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் தகட்டில் குடியேறும். அது உயிரிப் பற்று. வெப்பக் கணக்கில் அது தெரியாது, பாலின் பாக்டீரியா எண்ணிக்கையில்தான் தெரியும். தகடு வெப்பத்தை நன்றாகக் கடத்திக்கொண்டிருந்தாலும் சில மணி நேரத்துக்குப் பிறகு ஓட்டத்தை நிறுத்திக் கழுவ வேண்டியிருப்பது இதனால்தான்.

கழுவும் வரிசையையும் பற்றின் உட்பொருளே தீர்மானிக்கிறது. முதலில் தண்ணீர். பிறகு 1 முதல் 1.5% காஸ்டிக் சோடா, 75°C அளவில், 20–30 நிமிடம். புரதத்தை ஊறவைத்துக் கிளப்புவது இது. மறுபடி தண்ணீர். அடுத்து 1% வரை நைட்ரிக் அமிலம், 65°C அளவில்; மிஞ்சிய கால்சியத்தைக் கரைக்க. கடைசியாகத் தண்ணீர். பற்று தடித்துவிட்டது என்று காஸ்டிக்கைக் கெட்டியாக்கினால் வேலை சீக்கிரம் முடியாது. வீரியம் கூடினால் புரதப் படலம் கண்ணாடி போன்ற இறுகிய கூழாகி, சோடா உள்ளே இறங்குவதையே தடுத்துவிடும்.